தனித்து நிற்கும் மூன்றாமடி

கிள்ளானில் நான் படித்த இடைநிலைப் பள்ளியில் மலாய் ஆசிரியை பந்துன் நடத்தும்போது மேசையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே நடத்துவார். முதல் இரண்டடி பெம்பாயாங், நிழல் காட்டுவது. அடுத்த இரண்டடி மக்சூட், பொருளைச் சொல்வது. முதலடியின் கடைசி ஓசை மூன்றாமடியில் திரும்பும், இரண்டாமடியின் ஓசை நான்காமடியில் திரும்பும். அடுத்த வாரம் ஷாயிர் வந்தது. அதில் நான்கடியும் ஒரே ஓசையில் முடியும். தமிழ் வகுப்பிலோ நேரிசை வெண்பா. அங்கே ஓசை அடியின் வாலில் இல்லை, தலையில் இருந்தது. முதல் இரண்டடிக்கு ஓர் எதுகை, பின்னிரண்டடிக்கும் அதே எதுகை அல்லது வேறோர் எதுகை.

பதினாறு வயதுக்குள் இரண்டு மொழிகளில் மூன்று வகை நாலடி எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றிலும் எல்லா அடிக்கும் துணை இருந்தது. மூன்று அடிகள் ஒரே ஓசையில் முடிய, ஓர் அடி மட்டும் துணையில்லாமல் நிற்கும் பாட்டு ஒன்று உண்டு என்பது முப்பது வயதைக் கடந்த பிறகு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த கவிதைக் கூட்டத்தில்தான் தெரியவந்தது. அதன் பெயர் ருபாயி. அதன் இயைபை அ அ ஆ அ என்று குறிக்கலாம். அந்த 'ஆ' எங்கிருந்து வந்தது, வழியில் யார் யார் அதை இழந்தார்கள் என்று தேடத் தொடங்கியவன் இன்னும் நிறுத்தவில்லை.

ருபாயி அரபுப் பெயர். நான்கால் ஆனது என்று பொருள். ஆனால் பாட்டு பாரசீகத்துப் பாட்டு. அது பிறந்த கதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டு யாப்பறிஞர் ஷம்ஸே கைஸ் எழுதிவைத்திருக்கிறார். கஜ்னி நகரில் ஒரு பண்டிகை நாள். சிறுவர்கள் அக்ரூட் கொட்டைகளைக் குழியில் உருட்டி விளையாடுகிறார்கள். ஒரு கொட்டை குழியைவிட்டு வெளியே துள்ளி, பிறகு தானாகவே உருண்டு மறுபடி குழிக்குள் விழுகிறது. மகிழ்ச்சியில் ஒரு சிறுவன் அதைப் பார்த்துச் சந்தமாக ஒரு வரி கூவுகிறான். அந்தப் பக்கமாக நின்ற கவிஞர், ருதாகியாக இருக்கலாம் என்கிறார் ஷம்ஸே கைஸ், அந்தச் சந்தத்தைப் பிடித்து நாலடியாக்கினாராம். வரலாறாக இதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் ருபாயியின் நடையை இதைவிட நன்றாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. குழிக்குள் நேராகப் போன கொட்டையை அந்தப் பையன் பாடவில்லை. வெளியே போய்த் திரும்பிய கொட்டையைத்தான் பாடினான்.

பாரசீகர்களே இந்த வடிவத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. தொடக்ககால ருபாயிகளில் நான்கடியும் ஒத்து முடிபவை ஏராளம். மூன்றாமடி ஒவ்வாத வகைக்கு அவர்களுடைய யாப்பு நூல் வைத்த பெயர் 'கஸீ', அதாவது காயடிக்கப்பட்டது. குறைபட்டது என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் நாளாக ஆகக் குறைபட்டதே வென்றது. உமர் கய்யாமுக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் ருபாயி என்றாலே அ அ ஆ அ என்றாகிவிட்டது.

யாப்புப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். இயைபு மட்டும் ருபாயியைச் செய்துவிடாது. அதற்கென்று ஒரு சந்தம் உண்டு. ஹஜஜ் என்ற சந்தத்தின் கிளை அது. அதில் அனுமதிக்கப்பட்ட வடிவங்கள் 24. ஒரே பாட்டின் நான்கடியும் அந்த 24-இல் வெவ்வேறாகவும் இருக்கலாம். பாபா தாஹிர் பாடிய துபைத்திகளும் அ அ ஆ அ என்றே முடிகின்றன. ஆனால் சந்தம் வேறு என்பதால் பாரசீகர்கள் அவற்றை ருபாயி என்பதில்லை. அந்தச் சந்தம் தமிழில் வராது. நமக்கு வரக்கூடியது அந்த 'ஆ' ஒன்றுதான்.

பாரசீகத்திலிருந்து நம் பக்கம் வர அதற்கு இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று கடல் வழி, மலாய் உலகத்துக்கு.

1603-இல் அச்சேயில் புகாரி அல்-ஜௌஹரி எழுதிய 'தாஜுஸ் ஸலாத்தீன்' என்ற அரச நீதி நூலில், இடையிடையே மலாய்ப் பாட்டுகள் வருகின்றன. மஸ்னவி, கஸல், கித்ஆ, ருபாயி என்று அவற்றுக்குப் பாரசீகப் பெயர்களே சூட்டப்பட்டிருக்கின்றன. அதே அச்சேயில் ஷம்சுத்தீன் என்ற அறிஞர், கவிஞர் ஹம்சா பன்சூரியின் பாடல்களுக்கு உரை எழுதினார். அந்த உரைக்கு 'ருபாயி ஹம்சா பன்சூரி'யின் விளக்கம் என்றே பெயர். ஆனால் ஹம்சாவின் நாலடிகளைப் படித்துப் பார்த்தால் நான்கடியும் ஒரே ஓசையில் முடிகின்றன. என் பள்ளி ஆசிரியை நடத்திய ஷாயிர் இதுதான். பெயர் வந்துவிட்டது, நாலடி வந்துவிட்டது, மூன்றாமடி மட்டும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. மலாய் மரபுப்பாக்களைத் தொகுத்து ஹாருன் மாட் பியா எழுதிய பெருநூல் 1989-இல் டேவான் பஹாசா வெளியீடாக வந்தது. அதில் ருபாயிக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் மலாய் மக்கள் நெஞ்சில் நிலைத்து வாழ்வது பந்துனும் ஷாயிரும்தான்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஷாயிர் இசையோடு நீளமாகப் பாடப்படுவது. ஒரு கதை நூற்றுக்கணக்கான நாலடிகளாக நீளும். நான்காமடியில் ஒவ்வொரு முறையும் கதவு சாத்தினாற்போல் முடிந்தால் பாடுகிறவர் அடுத்த நாலடிக்குள் நுழைவதே கடினம். நான்கும் ஒத்துப்போனால்தான் சங்கிலி அறுபடாது. ருபாயி சங்கிலியில் கோக்கும் கண்ணியல்ல. பல பாரசீகத் தொகுப்புகளில் ருபாயிகளைப் பொருளின்படி அடுக்காமல், கடைசி எழுத்தின் அகரவரிசைப்படி அடுக்கியிருப்பார்கள். முன்னும் பின்னும் என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நாலடியில் தொடங்கி நாலடியில் முடிந்தாக வேண்டிய பாட்டுக்குத்தான் தனக்குள்ளேயே ஒரு தடை வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி சுற்று வழி. எட்வர்ட் கோவெல் என்ற மொழியறிஞர் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் உமர் கய்யாமின் 158 ருபாயிகள் கொண்ட ஒரு கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்து நண்பர் பிட்ஸ்ஜெரால்டுக்குக் கொடுத்தார். பிறகு கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தவர், அங்கிருந்த இன்னொரு பிரதியையும் படியெடுத்து அனுப்பினார். 1859-இல் பிட்ஸ்ஜெரால்டு 75 பாடல்களை ஆங்கிலமாக்கித் தம் பெயர் போடாமல் வெளியிட்டார். மூன்றாமடியை மட்டும் பிடிவாதமாக ஒவ்வாமல் வைத்திருந்தார். ஆங்கிலத்துக்கு அது புதுப் பழக்கம். புத்தகம் விற்கவில்லை. கடை வாசலில் ஒரு பென்னிக்குப் போட்டிருந்த பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. 1861-இல் அங்கே அதைக் கண்டு வாங்கி நண்பர்களுக்குக் கொடுத்தவர்களில் விட்லி ஸ்டோக்ஸ் ஒருவர். மறு ஆண்டு அவர் சென்னைக்கு வந்தார். வந்த அந்த 1862-லேயே பிட்ஸ்ஜெரால்டைக் கேட்காமல் சென்னையில் அந்தப் பாடல்களைச் சில பிரதிகள் மட்டும் அச்சிட்டார். லண்டனில் இரண்டாம் பதிப்பு வர இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. இங்கிலாந்து திரும்பிப் பார்க்காத நூல் நம் சென்னையில் அச்சேறிவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும்.

ஆனால் தமிழுக்குள் அது வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'உமர் கய்யாம் பாடல்கள்' 1945-இல் வெளிவந்தது. அவர் மூலமாகக் கொண்டது பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தை. அவர் அந்தப் பாடல்களைத் தமிழ் மண்ணில் நட்ட அழகை நான் சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலப் பாட்டொன்றில் பெயரில்லாமல் வந்த கவிதைப் புத்தகம் அவர் கையில் கம்பனின் கவியாகிவிட்டது. ஆனால் வடிவத்தைப் பாருங்கள். அந்தப் புகழ்பெற்ற பாட்டு விருத்தம். விருத்தத்தின் நான்கடிக்கும் ஒரே எதுகை என்பது இலக்கணம். ஆகவே மூன்றாமடியும் தலையில் அதே எதுகையைச் சூடிக்கொண்டு வருகிறது.

கடல் வழியாக வந்ததை மலாய் மொழி வாலில் கட்டியது. சுற்று வழியாக வந்ததைத் தமிழ் தலையில் கட்டியது. இரண்டு வழிகளும் வந்து சேர்கிற கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த எனக்கு அந்த ஒற்றையடியைப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்துக்கு இப்போது வருவோம். மாதம் ஒருமுறை எட்டு ஒன்பது பேர் கூடுவோம். கீழே ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடைகள். மாடிவரை மல்லிகை மணம் வரும். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும் ஒரு தங்கை அந்த மாதம் ஒரு நாலடி கொண்டுவந்தாள். இரவில் ரயிலுக்குப் போகும்போது பார்த்த ஒரு பாட்டியைப் பற்றியது. ருபாயி என்று தலைப்பிட்டிருந்தாள்.

பூக்கட்டும் பாட்டிக்குப் பொழுதோடு போட்டி;
போவோர்முன் மல்லிகையை முழம்முழமாய் நீட்டி
வாடியதை ஒருபக்கம் வகைபிரித்துக் கூட்டி
நடக்கின்றாள் மிஞ்சியதைத் தன்தலையில் சூட்டி.

எல்லோரும் கைதட்டினோம். தட்டவேண்டிய பாட்டுதான். ஒவ்வோர் அடியிலும் மூன்று காய்ச்சீர், கடைசியில் ஒரு மாச்சீர், எங்கும் தட்டவில்லை. கூட்டத்தில் மூத்தவரான ஐயா மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "மறுபடி படிம்மா, மூணாவது அடியோட நிறுத்து" என்றார். அவள் படித்து 'கூட்டி'யில் நிறுத்தினாள். ஐயா எங்களைப் பார்த்து, "அடுத்த அடி எப்படி முடியும், சொல்லுங்க" என்றார். சூட்டி, மாட்டி, பூட்டி, காட்டி என்று நாலாபுறமும் குரல்கள். அவள் எழுதிய சொல்லும் அதில் இருந்தது.

"இதான் சங்கதி. விற்காத பூவைப் பாட்டியே வச்சிக்கிறா. இந்தப் பாட்டோட உயிரே அதுதான். அது வர்றதுக்கு முன்னாடியே நாம வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டோம்" என்றார் ஐயா.

அவர் சொன்னதை நான் வீட்டுக்குப் போய்க் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 'போட்டி'யிலிருந்து 'நீட்டி'க்கு நான்கு சீர். 'நீட்டி'யிலிருந்து 'கூட்டி'க்கு நான்கு சீர். 'கூட்டி'யிலிருந்து 'சூட்டி'க்கும் அதே நான்கு. மூன்று முறை ஒரே இடைவெளியில் மணி அடித்தால் நான்காவது மணிக்குக் காது காத்திருக்காது. அது வந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்ளும். நீட்டி, கூட்டி, சூட்டி என்று மூன்று வினையெச்சங்கள் வரிசையாக நிற்பதால் பொருளும் பட்டியலாகிவிட்டது. பாட்டி செய்த மூன்று வேலைகளில் கடைசி வேலை பூச்சூடுவது என்றாகிவிட்டது.

மறுமாதம் அவள் மூன்றாமடியை மாற்றிக்கொண்டு வந்தாள்.

நாள்முழுதும் நின்றவள்மேல் மழைத்தூறல் வீழும்;

'வீழும்' எதோடும் சேரவில்லை. இலக்கணப்படி அ அ ஆ அ ஆகிவிட்டது. ஆனாலும் பாட்டு எழவில்லை. அவளுக்கே அது தெரிந்திருந்தது. "அண்ணே, இயைபை எடுத்துட்டேன், ஆனா ஏதோ உட்கார்ந்துடுச்சு" என்றாள். ஏனென்றால் அந்த அடியில் வாக்கியம் முடிந்துவிட்டது. இரண்டாமடியில் 'நீட்டி' என்று திறந்த வாக்கியம் 'வீழும்' என்ற முற்றில் வந்து சாத்திக்கொண்டது. காது காத்திருக்கிறது, ஆனால் மனம் காத்திருக்கவில்லை. நான்காமடி புதிதாக இன்னொரு செய்தி சொல்லத் தொடங்குகிறது. ஒவ்வாத ஓசை மட்டும் இழுப்பைத் தராது. அந்த இடத்தில் பொருளும் தொங்கவேண்டும்.

இங்கேதான் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். எழுவாயைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, காலத்தைச் சொல்லி, என்ன நடந்தது என்பதை மட்டும் ஓர் அடி தள்ளிவைக்கலாம். கேட்கிறவர் பொறுத்திருப்பார், அது நம் மொழியில் இயல்பு. அன்று மாலை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஐயா முதற்சீரைச் சொல்ல, அவள் கடைசிச் சீரைச் சொல்ல, பாட்டு இப்படி நின்றது.

பூக்கட்டும் பாட்டிக்குப் பொழுதோடு போட்டி;
போவோர்முன் மல்லிகையை முழம்முழமாய் நீட்டி
நாள்முழுதும் நின்றவளோ, மழைவந்த இரவில்
நடக்கின்றாள் மிஞ்சியதைத் தன்தலையில் சூட்டி.

மாறியது ஓர் அடிதான். 'நின்றவளோ' என்ற ஓகாரம் பேச்சைத் திருப்புகிறது. 'இரவில்' என்பதன் வேற்றுமை உருபு வினையைக் கேட்டுக்கொண்டே நிற்கிறது. 'நீட்டி'யிலிருந்து 'சூட்டி'க்கு இப்போது எட்டுச் சீர். முன்பிருந்ததைப் போல இரு மடங்கு. அந்த எட்டுச் சீர் முழுவதும் காது பழைய ஓசையை மறக்கவில்லை. மறந்திருந்தால் 'சூட்டி' வந்தபோது அந்த நிறைவு வந்திருக்காது. ஓசையின் எதிர்பார்ப்பை மூன்றாமடி அழிப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. மூன்றாமடியில் நிறுத்திவிட்டு ஐயா மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். கடைசிச் சொல் 'ட்டி' என்று முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் மழையில் நிற்கும் பாட்டி என்ன செய்யப்போகிறாள் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஓசை தெரிந்திருக்கவேண்டும், செய்தி தெரிந்திருக்கக் கூடாது. உருது முஷாயிராக்களில் கவிஞர்கள் கடைசி அடிக்குப் போகாமல் முந்தின அடியையே திரும்பத் திரும்பச் சொல்லி நிறுத்துவது இந்தத் தவிப்பை நீட்டத்தான்.

அடித்தலையையும் கவனியுங்கள். பூ, போ என்று முதலிரண்டு அடிக்கு ஒரு மோனை. நா, ந என்று பின்னிரண்டு அடிக்கு இன்னொரு மோனை. வாலில் அநாதையாக நிற்கும் மூன்றாமடியைத் தலையில் நான்காமடி கைபிடித்துக்கொள்கிறது. பாரசீகத்தில் இது கிடையாது. தமிழில் இது இல்லாவிட்டால் மூன்றாமடி வேறு பாட்டிலிருந்து நழுவி விழுந்தது போலாகிவிடும். அதேசமயம் நான்கடிக்கும் ஒரே எதுகையைப் போட்டிருந்தால், வாலில் எவ்வளவுதான் திறந்து வைத்தாலும் தமிழ்க் காது தலையிலேயே நிறைவடைந்துவிடும். கவிமணியின் வழியிலிருந்து இந்த ஓர் இடத்தில்தான் நான் விலகுகிறேன். தமிழில் ருபாயி எழுதுகிறவர் நான்கடி எதுகையை விட்டுவிட்டு, இரண்டிரண்டாக மோனையும், வாலில் மூன்றுக்கு இயைபும் வைப்பதே சரி என்பது என் முடிவு.

வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு தடுமாற்றம் வரும், எனக்கும் வந்தது. வெண்பாவின் நிறுத்தம் இரண்டாமடியின் முடிவில் தனிச்சொல்லில் இருக்கிறது. முடிவோ ஈற்றடி முச்சீராய்க் குறைவதில் இருக்கிறது. ஒரு சீர் இல்லாமல் போவதுதான் அங்கே கதவு சாத்தும் ஓசை. ருபாயியில் அடி குறைவதில்லை. போன ஓசை திரும்பி வருவதுதான் முடிவு. வெண்பாப் பழக்கத்தில் இரண்டாமடியிலேயே பொருளைத் திருப்பிவிட்டால் மூன்றாமடிக்கு வேலை இருக்காது. அந்தத் தங்கையின் அடுத்த இரண்டு முயற்சிகளும் அப்படித்தான் கெட்டன. பந்துன் பழக்கமும் அதே இடத்தில் இழுக்கும். அதுவும் இரண்டாமடி முடிவில்தான் நிழலிலிருந்து பொருளுக்குத் தாண்டுகிறது. இந்த மண்ணின் இரண்டு நாலடிகளும் நடுவில் திரும்புபவை. முக்கால் வழி போய்த் திரும்புவதைக் கால்கள் புதிதாகத்தான் கற்கவேண்டும்.

கூட்டம் இப்போதும் நடக்கிறது. கிள்ளானிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் இன்னும் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். வர நினைப்பவர்கள் ஒரு நாலடி எழுதிக்கொண்டு வாருங்கள். கிளம்புமுன் வீட்டில் யாரிடமாவது மூன்றாமடி வரைக்கும் படித்துக் காட்டி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் நான்காமடியைத் தொடாதீர்கள், மூன்றாமடியைத் திருத்துங்கள்.